காலையில கையில இருந்த நேரத்த மறுபடி புடிச்சது எப்படி

எங்க டீம்ல ஏழு பேர், ஹட்டன்ல சின்ன ஒபிஸ் ஒண்ணு, வாரத்துல ரெண்டு நாள் எல்லாரும் அங்க வருவோம், மத்த நாள் அவங்கவங்க வீட்ல இருந்து தான் வேலை. லண்டன்ல உள்ள ஒரு கம்பனிக்கு ஸ்டாக் கணக்கு பாக்குற சொஃப்ட்வெயார் செய்றோம், நான் டீம் லீட். போன வருசம் ஒரு நாள் பொகவந்தலாவையில இருந்து வேலை செய்ற தம்பி ஒருத்தன் சொன்னான், "அக்கா, பகல்ல என்னால ஒண்ணும் எழுத முடியல, ராத்திரி எட்டு மணிக்கு அப்புறம் தான் கோட் எழுதுறேன்"னு. அவன் குறை சொல்ற புள்ள இல்ல, அதனால அன்னைக்கே அவனோட கலண்டர தொறந்து பாத்தேன்.

திங்கக்கிழமை காலையில 9:00 மணிக்கு ஸ்டாண்டப், அரை மணித்தியாலம். 10:30க்கு டிக்கெட் பாக்குற மீட்டிங், 11:45க்கு டெஸ்டிங் செய்ற தங்கச்சியோட இன்னொண்ணு. எல்லாத்தையும் கூட்டினா ஒண்ணரை மணித்தியாலம் தான், ஆனா நடுவுல கெடைக்கிறது ஒரு மணித்தியாலம், அப்புறம் முக்கால் மணித்தியாலம். பெரிய கோட் ஒண்ண தொறந்து எங்க விட்டோம்னு புடிக்கிறதுக்கே அரை மணித்தியாலம் போயிரும், அதுக்குள்ள அடுத்த மீட்டிங். மத்தியானத்துக்கு அப்புறம் லண்டன்காரங்க வந்துருவாங்க. அப்ப தான் நான் கணக்கு பாக்குற விதத்த மாத்தினேன், மீட்டிங் எத்தன மணித்தியாலம்னு பாக்காம ரெண்டு மணித்தியாலத்துக்கு குறையாத இடைவெளி வாரத்துல எத்தன இருக்குனு எண்ணினேன். அவனுக்கு ரெண்டே ரெண்டு இருந்திச்சு. எனக்கு இது தெரியாமலே போனதுக்கு காரணம் என் வேலையே மீட்டிங் தான், எனக்கு அது துண்டு துண்டா உடையிற மாதிரி தோணவே இல்ல.

முதல்ல புதன்கிழமை மீட்டிங்கே கெடையாதுனு வச்சோம். மூணு வாரம் கூட ஓடல. புதன்ல இருந்ததெல்லாம் செவ்வாய்க்கும் வியாழனுக்கும் ஏறிருச்சு, செவ்வாய் சாயந்திரம் ஒருத்தர் மாட்டிக்கிட்டா வியாழன் வரைக்கும் காத்திருக்கணும், லண்டன்காரங்களுக்கு எங்க புதன்கிழமை கணக்கு மனசுல நிக்கவும் இல்ல. அந்த முறை எல்லாருக்கும் சரிவராதுனு சொல்ல மாட்டேன், எங்கள மாதிரி தினமும் ஒருத்தர்கிட்ட ஒருத்தர் கேட்டு செய்ற சின்ன டீமுக்கு முழு நாள் ரொம்ப நீளம்.

அப்புறம் தான் மணிக்கூட்ட ஒழுங்கா பாத்தோம். லண்டன்ல காலை 9 மணினா எங்களுக்கு அவங்க கோடைல மத்தியானம் 1:30, குளிர்காலத்துல 2:30. அப்ப காலை நேரம் முழுக்க எங்களோடது, அத உடைச்சதும் நாங்களே தான். திங்கள்ல இருந்து வியாழன் வரைக்கும் 8:45ல இருந்து 11:30 வரைக்கும் மீட்டிங் இல்லைனு வச்சோம், உள்ளுக்குள்ள நடக்குற மீட்டிங் எல்லாம் 11:30க்கு அப்புறம் ஒண்ணு பின்னால ஒண்ணா, நடுவுல ஓட்டை விழாம. வெள்ளிக்கிழமை திறந்த நாள்.

ஸ்டாண்டப்ப எங்க வைக்கிறதுனு தான் பெரிய விவாதம். டெஸ்டிங் தங்கச்சியோட அம்மா தோட்டத்துல கொழுந்து எடுக்குறவங்க, அவ சொன்னது எனக்கு நல்லா புடிச்சிருந்திச்சு: "அக்கா, பெரட்டுல பேர் கூப்பிட்டு எந்த மலைனு சொன்ன உடனே அம்மாங்க போயிருவாங்க, அப்புறம் கொழுந்து நிறுக்கத்தான் எறங்குவாங்க, நடுவுல யாரும் கூப்பிட மாட்டாங்க." அதே மாதிரி 8:30க்கு பத்து நிமிசம், யார் எதுல இருக்கோம், யாருக்கு எது தடையா நிக்கிது, அவ்வளவு தான். பஸ் பிந்தினவங்க சட்ல எழுதி போட்டா போதும்.

அடுத்தது மீட்டிங் நீளம். கூகுள் கலண்டர் செட்டிங்ஸ்ல `Event settings`குள்ள `Default duration` 30 நிமிசம்னு வச்சு `Speedy meetings`அ டிக் பண்ணினா அரை மணித்தியால மீட்டிங் 25 நிமிசமும் ஒரு மணித்தியால மீட்டிங் 50 நிமிசமும் ஆயிரும். ஆனா இது அவங்கவங்க கலண்டர்ல தனித்தனியா போடணும், நான் மட்டும் போட்டா நான் உண்டாக்குற மீட்டிங்குக்கு மட்டும் தான். இன்னொண்ணு, புதுசா போடுறதுக்கு தான் வேலை செய்யும், வாராவாரம் ஓடிக்கிட்டிருக்குற பழைய மீட்டிங் அப்படியே நிக்கும், அத போட்டவங்களே கையால திருத்தணும். எங்களுக்கு இது ரெண்டு வாரம் கழிச்சு தான் வெளங்கிச்சு.

திருத்தினதுக்கு அப்புறமும் 25 நிமிச மீட்டிங் 30 நிமிசம் ஓடிச்சு. முடியிற நேரத்த யாரும் பாக்குறதில்ல, தொடங்குற நேரத்த எல்லாரும் பாக்குறாங்க. அதனால பிந்தி தொடங்க ஆரம்பிச்சோம், 11:30க்கு பதிலா 11:35, முடிவு 12:00. அவுட்லுக்ல பிந்தி தொடங்குறதுக்கே ஒரு செட்டிங் இருக்கு, எங்ககிட்ட உள்ளதுல கையால தான் போடணும். டிக்கெட் மீட்டிங் 25 நிமிசத்துக்குள்ள முடியிறதுக்கு முன்கூட்டியே வாசிச்சிட்டு வாறது தான் காரணம், முந்தின நாள் சாயந்திரத்துக்குள்ள லிஸ்ட் வரலைனா அந்த மீட்டிங்கே இல்ல. மாசாமாசம் ரிலீஸ் பிளான் பண்ற ஒண்ணரை மணித்தியால மீட்டிங்க மட்டும் 50 நிமிசமா வெட்டினது என் பிழை, மிச்சத்துக்கு அடுத்த நாளும் உக்கார வேண்டி வந்துச்சு, பழையபடியே மாத்திட்டோம்.

காலை நேரத்துக்கு `Focus time`னு ஒரு வகை இருக்கு, அது வேலைக்கு குடுக்குற அக்கவுண்ட்ல தான் வரும், அதுல வாற மீட்டிங்க தானாவே மறுக்கிற வசதியும் இருக்கு. அத எல்லாரும் போட்டு வச்சோம். கண்டியில எங்களுக்கு ஒரு சின்ன கஸ்டமர், அவர் காலை 10 மணிக்கு அஞ்சு பேர கூப்பிட்டிருக்காரு, அடுத்த நொடியே அஞ்சு மறுப்பு போயிருக்கு. மனுசர் மனசு ஒடஞ்சு எனக்கு போன் எடுத்தாரு, நான் மன்னிப்பு கேட்டேன். இப்ப கஸ்டமரோட பேசுற மூணு பேருக்கு தானா மறுக்கிறது இல்ல, நேரம் பிஸினு மட்டும் காட்டும், அழைப்பு வந்தா மத்தியானத்துக்கு மாத்த முடியுமானு அவங்களே எழுதி கேப்பாங்க.

இதுல நான் ஆரம்பத்துல யோசிக்காம விட்டது சட். முதல் வாரம் மீட்டிங் இல்ல, ஆனா காலை முழுக்க "ஒரு நிமிசம் இருக்கா"னு மெசேஜ், மீட்டிங்ல உடைஞ்சது இப்ப சட்ல உடைஞ்சிச்சு. அதுக்கு முறை வச்சோம். ஒரு நாளைக்கு ஒருத்தர், அன்னைக்கு காலையில எல்லா கேள்வியும் அவருக்கு தான் போகும், மத்த ஆறு பேரும் சட்ட மூடிருவோம். அவர் அன்னைக்கு சின்ன சின்ன திருத்தம் மட்டும் எடுப்பாரு, பெரிய வேலை அவர்கிட்ட எதிர்பாக்க மாட்டோம். அவருக்கும் தெரியாத கேள்வினா 11:30 வரைக்கும் எழுதி வைக்கணும், லைவ் சிஸ்டம் விழுந்தா மட்டும் போன். மூணு மாசத்துல நாலு தடவ தான் போன் வந்துச்சு.

ஒக்டோபர் கடைசி ஞாயிறு லண்டன்ல மணிக்கூடு மாறும், நம்ம நாட்டுல மாறாது. 2:00க்கு இருந்த அவங்க மீட்டிங் 3:00க்கு போய், எங்களோட 3:00 மணி மீட்டிங் மேல ஏறிருச்சு. காலைக்கு ஒண்ணும் ஆகல, ஆனா அந்த உள் மீட்டிங்க காலைக்கு தள்ளுவோமேனு ஒருத்தர் கேட்டாரு. தள்ளல, 12:05க்கு கொண்டு வந்தோம்.

மறுபடி எண்ணி பாத்தேன். அந்த தம்பிக்கு வாரத்துல ரெண்டு மணித்தியாலத்துக்கு குறையாத இடைவெளி ரெண்டுல இருந்து அஞ்சுக்கு வந்திருக்கு, அவன் முறை வாற நாள கழிச்சா நாலு. மொத்த மீட்டிங் நேரம் பெருசா குறையல, வாரத்துக்கு ஒரு ரெண்டு மணித்தியாலம் தான். ராத்திரி எழுதுறியானு கேட்டேன், "இல்லக்கா, நேத்து ஏழு மணிக்கெல்லாம் லப்டொப்ப மூடிட்டேன்"னான். மார்ச் கடைசியில லண்டன் மணிக்கூடு திரும்பவும் மாறும், அதுக்கு முந்தின வாரமே மத்தியான மீட்டிங் எல்லாத்தையும் ஒருக்கா பாக்கணும்னு கலண்டர்லயே போட்டு வச்சிருக்கேன்.