“பார்த்துப் போட்டுக்கலாம்” என்று எழுத முடியாத இடம்

“குறைந்தபட்ச ஆர்டர் 40 என்று போட்டிருக்கிறீர்கள். 40 கட்டியா, 40 பெட்டியா?”

இப்படி ஒரு வரி மின்னஞ்சல் வரும். வீட்டில் கையால் வார்த்த சோப்பைப் புது நாட்டில் கடைகளுக்கு மொத்தமாக விற்கலாம் என்று இறங்கி, முதன்முதலாக விவரக்குறிப்பு எழுதியவருக்கு அது சுருக்கென்று தைக்கும். எண்ணெயைப் பற்றி ஒரு பத்தி, வாசனையைப் பற்றி ஒரு பத்தி, நுரையைப் பற்றி இன்னொரு பத்தி என்று மனதை ஊற்றி எழுதியிருப்பார். வாங்குபவரோ அதையெல்லாம் தாண்டி நேராக எண்ணுக்கு வந்திருக்கிறார். அந்த எண்ணுக்குப் பக்கத்தில்தான் ஒரு சொல் விட்டுப்போயிருக்கிறது.

ஊரில் இந்தக் கேள்வி போனில் வந்து போனிலேயே முடிந்திருக்கும். “எவ்வளவு வேணும்?” “ஒரு அம்பது இருக்கட்டும்.” “சரி, பார்த்துப் போட்டுக்கலாம்.” அந்தப் ‘பார்த்துப் போட்டுக்கலாம்’ என்ற சொல்லுக்குள் அளவு, விலை, நாள் மூன்றும் அடங்கிவிடும். கேட்பவருக்கும் புரியும், சொல்பவருக்கும் புரியும். இங்கே வாங்குபவர் கடையைச் சாத்திய பிறகு உட்கார்ந்து நாலைந்து பேருடைய குறிப்புகளை அடுத்தடுத்துப் படிக்கிறார். சந்தேகம் வந்தால் கேட்பவர்கள் குறைவு. தெளிவாக எழுதியவரிடம் போய்விடுவார்கள். மின்னஞ்சல் போட்டுக் கேட்டவர் உண்மையில் நமக்கு நல்லது செய்தவர்.

அந்த 40 எங்கிருந்து வருகிறது என்பதைத் தெரிந்துகொண்டால் அலகு தானாக வந்துவிடும். ஒரு அச்சில் ஒருமுறை வார்த்தால் 40 கட்டி என்று வைத்துக்கொள்வோம். ஒரு வார்ப்பில் ஒரு வாசனைதான் கலக்க முடியும். ஆகவே எந்த வாசனையானாலும் 40 கட்டிக்குக் கீழே இறங்கினால் மிச்சக் கட்டிகள் நம் அலமாரியில் நிற்கும். குறைந்தபட்சம் என்பது பேரத்துக்குப் போடும் எண்ணே அல்ல, அச்சின் கொள்ளளவு. எனவே “ஒரு வாசனைக்கு 40 கட்டி (20 கட்டி வீதம் 2 பெட்டி), அதற்கு மேல் 40-இன் மடங்குகளில்” என்று எழுத வேண்டும். ‘ஒரு வாசனைக்கு’ என்பதை விட்டுவிட்டால் நாலு வாசனையில் பத்துப் பத்தாகக் கேட்டு ஆர்டர் வரும். நாம் எழுதியபடி அதுவும் சரியான ஆர்டர்தான். மறுக்க முகாந்திரம் இருக்காது.

‘மடங்குகளில்’ என்பது சின்னச் சொல்லாகத் தெரியும். ஆனால் விலை போடும்போதுதான் அதன் அருமை தெரியும்.

விலை விஷயத்தில் நம் மனம் சட்டென்று பழைய தடத்துக்குப் போகும். நிறைய எடுத்தால் நிறையக் குறைக்க வேண்டும், முகம் கோணக்கூடாது என்ற அந்தத் தாராளம் நல்லதுதான். எதிரில் ஆள் இருந்தால், எங்கே நிறுத்துவது என்று கண்ணைப் பார்த்தே தெரிந்துவிடும். எழுதி வைத்த விலைக்கு அந்தக் கண் கிடையாது. ஒருமுறை போட்ட ஸ்லாபை யார் வேண்டுமானாலும், எந்த எண்ணிக்கைக்கு வேண்டுமானாலும் கணக்குப் போட்டுப் பார்ப்பார்கள்.

ஒரு கட்டிக்குப் பொருள், உறை, கூலி, வாடகைப் பங்கு எல்லாம் சேர்த்து அடக்கம் 38 என்று கொள்வோம். எந்த நாணயமானாலும் கணக்கு ஒன்றுதான். புதிதாக எழுதுபவர் பெரும்பாலும் இப்படித்தான் போடுவார்: 40 முதல் 119 வரை கட்டி ஒன்று 60, 120 முதல் 399 வரை 55, 400-உம் அதற்கு மேலும் 50. பார்க்க அழகாக, ஐந்து ஐந்தாக இறங்குகிறது. அடக்கத்துக்கு மேலேயும் நிற்கிறது. இதில் இரண்டு ஓட்டைகள் இருக்கின்றன.

முதல் ஓட்டை எல்லைக்குச் சற்று முன்னால். 115 கட்டி எடுப்பவர் 6,900 கொடுக்க வேண்டும். 120 எடுப்பவர் 6,600 கொடுத்தால் போதும். குறைவாக எடுத்தவர் அதிகம் கட்டுகிறார். பில் வந்ததும் இதைக் கவனித்துவிட்டால், நம்மைப் பற்றி அவருக்குத் தோன்றுவது நல்லதாக இருக்காது. 40-இன் மடங்கில்தான் விற்போம் என்று எழுதியிருந்தால் 115 என்ற எண்ணே வராது. 80-க்கு அடுத்தது 120. கட்ட வேண்டியது 4,800-இலிருந்து 6,600 ஆகிறது. கூடுதல் 40 கட்டிக்கு 1,800, அதாவது கட்டிக்கு 45. அடக்கத்துக்கு மேலே நிற்கிறது, சரி.

இரண்டாவது ஓட்டையை மடங்கு அடைக்காது. 360 கட்டி 55 வீதம் 19,800. அடுத்த படியான 400 கட்டி 50 வீதம் 20,000. அதாவது கடைசி 40 கட்டியை வெறும் 200-க்குக் கொடுத்துவிடுகிறோம். அவற்றைச் செய்யவே 1,520 ஆகிறது. சராசரி விலையான 50 அடக்கமான 38-க்கு மேலே இருப்பதால் நஷ்டம் கண்ணுக்குத் தெரிவதில்லை. அந்த எல்லையில் நிற்கும் வாங்குபவர் ஒவ்வொருவரும் இன்னொரு வார்ப்பைச் சேர்த்துக்கொள்வார், கேட்பது அவர் தவறும் அல்ல.

ஸ்லாப் போட்டதும் செய்ய வேண்டிய சோதனை இதுதான்: எல்லைக்கு முந்தைய ஆர்டரின் மொத்தத்தை எல்லையில் உள்ள ஆர்டரின் மொத்தத்திலிருந்து கழித்து, கூடுதல் கட்டிகளால் வகுக்க வேண்டும். வருவது அடக்கத்துக்குக் கீழே போகக்கூடாது. மூன்றாவது ஸ்லாபை 52 என்று வைத்துப் பார்த்தால் கட்டிக்கு 25 வருகிறது, போதாது. 53-க்கு 35, அதுவும் போதாது. 54 என்று வைத்தால் 400 கட்டி 21,600, கூடுதல் 40-க்கு 1,800, கட்டிக்கு 45. முதல் எல்லையில் வந்த அதே 45. அளவு பெருகப் பெருக, ஒரு ரூபாயோ ஒரு வெள்ளியோ குறைத்தாலே அது எல்லாக் கட்டிகளுக்கும் சேர்ந்துவிடுகிறது. அதனால்தான் மேல் ஸ்லாப்களில் இறக்கம் சின்னதாக இருக்க வேண்டும். 60, 55, 54 என்று எழுதும்போது கை கொஞ்சம் கூசும். கஞ்சத்தனமாகத் தெரியுமோ என்று மனம் அரிக்கும். கூசட்டும், கணக்கு சரி.

இதோடு இன்னொரு வரி: ஸ்லாபுக்கு எண்ணுவது ஒரு வாசனையையா, மொத்த ஆர்டரையா? வாசனைக்கு 80 வீதம் மூன்று வாசனை கேட்பவர் 240-க்கான விலையைத்தான் எதிர்பார்ப்பார். மொத்தத்தை எண்ணுவதே நியாயம். நமக்கு மிச்சமாகும் வேலை பேக்கிங்கிலும் அனுப்புவதிலும்தான், அது மொத்தத்தைப் பொறுத்தது. “வாசனைகளைக் கலந்து எடுக்கலாம், விலை மொத்த எண்ணிக்கைக்கு” என்று எழுதிவிட்டால் போதும்.

அடுத்தது நாள். “ரெண்டு மூணு வாரத்துல ரெடியாயிடும்” என்பது நம் மொழியில் ஓர் ஆறுதல். கேட்பவர் அதை நாலு வாரம் என்று மனதுக்குள் திருத்திக்கொள்வார். இங்கே அது அப்படியே நாட்காட்டியில் ஏறிவிடுகிறது. அந்தத் தேதியை நம்பி அவர் அலமாரியில் இடம் ஒதுக்குகிறார், பண்டிகைக் கால விற்பனைக்குத் திட்டம் போடுகிறார்.

குளிர் முறையில் செய்யும் சோப்பை அவசரப்படுத்த முடியாது. காஸ்டிக் சோடா கரைசலும் எண்ணெயும் சேர்ந்து சோப்பாவது பெரும்பாலும் ஓரிரு நாளில் முடிந்துவிடும். அதற்குப் பிறகு நாலு முதல் ஆறு வாரம் ஆறவிடுவது நீர் வற்றிக் கட்டி இறுகுவதற்காக. முன்கூட்டியே உறை போட்டால் ஈரம் காகிதத்தில் ஏறும், கட்டி சுருங்கி உறை தொளதொளக்கும். எடையும் இறங்கும்: வெட்டும்போது 110 கிராம் இருந்தது ஆறி முடிந்ததும் 100 கிராம் ஆவது சாதாரணம். லேபிளில் 100 கிராம் என்று அச்சிட்டுவிட்டு, வெட்டிய அன்றைக்கே எடை பார்த்துத் திருப்திப்படுவது தவறு. ஆறிய கட்டியைத்தான் நிறுக்க வேண்டும்.

‘ஆற நாலு வாரம்தானே’ என்று குறிப்பில் நாலு வாரம் போடுவதுதான் அடிக்கடி நடக்கும் பிழை. 240 கட்டி ஆர்டரையே எடுத்துக்கொள்வோம். அது ஆறு வார்ப்பு. நாளைக்கு ஒன்று வீதம் வாரத்தில் ஐந்து வார்ப்புதான் முடியும் என்றால் ஆறாவது அடுத்த வாரத்துக்குப் போகிறது. நாலு வாரத்தை எண்ண வேண்டியது அந்தக் கடைசி வார்ப்பை வெட்டிய நாளிலிருந்து. அதன்பின் எடை பார்த்து, உறை போட்டு, பெட்டி கட்ட ஒரு வாரம். ஆக மொத்தம் ஏழு வாரம். 200 கட்டிக்குள் என்றால் ஆறு வாரம். இந்தக் கணக்கு வேறு ஆர்டர் எதுவும் வரிசையில் இல்லாதபோதுதான். முன்னால் ஒருவருடைய 400 கட்டி நின்றால் இன்னும் இரண்டு வாரம் கூடும். அப்போது குறிப்பில் உள்ள எண்ணை அன்றைக்கே மாற்றிவிட வேண்டும்.

எண்ணத் தொடங்கும் நாளும் முக்கியம். ஆர்டர் சொன்ன நாளா, முன்பணம் வந்த நாளா, லேபிள் வடிவத்துக்கு அவர் சம்மதம் சொன்ன நாளா? எழுதாவிட்டால் அவர் முதலாவதை எண்ணுவார், நாம் கடைசியை எண்ணிக்கொண்டிருப்போம். வழியில் பார்சலுக்கு ஆகும் நாளையும் தனியாகப் பிரித்துவிட வேண்டும்.

எல்லாம் சேர்ந்தால் குறிப்பு இவ்வளவுதான்:

“கையால் வார்த்த சோப்பு, ஆறிய எடை குறைந்தது 100 கிராம். குறைந்தபட்சம் ஒரு வாசனைக்கு 40 கட்டி (20 கட்டி கொண்ட 2 பெட்டி). அதற்கு மேல் 40-இன் மடங்குகளில். கட்டி ஒன்றின் விலை: மொத்தம் 40–80 கட்டிக்கு 60, 120–360 கட்டிக்கு 55, 400-உம் அதற்கு மேலும் 54. வாசனைகளைக் கலந்து எடுக்கலாம். விலை மொத்த எண்ணிக்கைக்கு. ஆர்டரின் பேரில் செய்யப்படும்: 200 கட்டி வரை 6 வாரம், 400 வரை 7 வாரம், அதற்கு மேல் தேதியை எழுத்தில் உறுதி செய்வோம். முன்பணமும் லேபிள் சம்மதமும் இரண்டும் கிடைத்த நாளிலிருந்து கணக்கு. அனுப்பும் நாட்களும் செலவும் தனி.”

எண்ணெயைப் பற்றிய பத்தி இதற்குக் கீழே தாராளமாக வரட்டும். இதைப் படித்து முடித்தவர்தான் அதையும் படிப்பார்.

இப்படி எழுதிப் பழகிய பிறகு, இனி இதுதான் நம் வழக்கம் என்று தோன்றும். அப்போது ஒரு போன் வரும். எதிர்முனையில் நம் மொழி, நம் ஊர்ப்பக்கத்து இழுவை. “தம்பி, ஒரு முப்பது மட்டும் போதும், சீக்கிரம் கிடைச்சா நல்லது.” நாக்கு முந்திக்கொள்ளும்: “பார்த்துப் போட்டுக்கலாங்கண்ணா.” போனை வைத்த பிறகுதான் மீதிப் பத்துக் கட்டி நினைவுக்கு வரும். அதை யாருக்குக் கொடுப்பது என்று யோசித்தபடியே அடுத்த நாள் வார்ப்புக்கு எண்ணெய் அளக்கத் தொடங்கியிருப்போம்.