நாலு பன் குறைந்த கணக்கு

"எண்ணிக்கை வேணுமா, எடை வேணுமா? ஒண்ணைச் சொல்லுங்க தம்பி" என்று மாஸ்டர் கேட்டது இன்னும் எனக்குள் ஓடிக்கொண்டே இருக்கிறது. எவ்வளவு மாவு போடுவது என்று கணக்கு எழுதுவது என் வேலை. பிசைந்து, உருட்டி, சுட்டு எடுப்பது அவர் வேலை. அன்று நான் எழுதிய கணக்கை எத்தனையோ முறை திரும்பப் போட்டுப் பார்த்துவிட்டேன். விடை மாறவில்லை. இருந்தும் நாலு பன் குறைந்தது.

ஆர்டர் 400 பன். சுட்டு ஆறிய பிறகு ஒவ்வொன்றும் 60 கிராமுக்குக் குறையக் கூடாது என்று பேச்சு. ஓவனுக்குள் மாவிலிருக்கும் தண்ணீர் ஆவியாகிப் போவதால் பன் எடை இழக்கும். ஒரு ட்ரேயை உள்ளே வைக்கும் முன்பும் ஆறிய பின்பும் நிறுத்துப் பார்த்தால் எவ்வளவு போகிறது என்று தெரிந்துவிடும். எங்கள் பன்னுக்கு அது 12 சதவீதம். இங்கே பலரும் 60-உடன் 12 சதவீதத்தைக் கூட்டி 67.2 என்று எழுதிவிடுவார்கள். ஆனால் ஓவன் எடுத்துக்கொள்ளும் 12 சதவீதம் பச்சை உருண்டையின் எடையில். சுட்ட பன்னின் எடையில் அல்ல. 67.2 கிராம் உருண்டை வெளியே வரும்போது 59.1 தான் இருக்கும். ஆகவே 60-ஐ 0.88-ஆல் வகுக்க வேண்டும். 68.18 வந்தது. மேலே தள்ளி 69 என்று எழுதினேன்.

400 உருண்டைக்கு 27.6 கிலோ மாவு. ஆனால் பிசைந்த மாவெல்லாம் உருண்டையாகிவிடாது. மிக்ஸர் பாத்திரத்திலும் கொக்கியிலும் மேசையிலும் ஒட்டிக்கொள்வது ஒரு ஈட்டுக்கு 150 கிராம். ஈடு பெரிதோ சிறிதோ, இது பெரிதாக மாறுவதில்லை. அப்புறம் மாவு எழும்பும்போது ஈரமும் வாயுவுமாகப் போவது ஒரு சதவீதம். எங்கள் மிக்ஸர் 10 கிலோவுக்கு மேல் சிரமப்படும் என்பதால் மூன்று ஈடு.

மொத்தமாகக் கணக்குப் போட்டால் மைதா 15.6 கிலோ வருகிறது, ஈட்டுக்கு 5.2. எங்கள் அளவில் மைதா 100 என்றால் தண்ணீர் 56, சர்க்கரை 12, கொழுப்பு 8, பால் பவுடர் 3, உப்பு 1.6, ஈஸ்ட் 1.4, எல்லாம் சேர்ந்து 182. அதாவது 5.2 கிலோ மைதாவுக்கு 9.464 கிலோ மாவு. சேதம் போக 9.22 கிலோ மிஞ்சும். அதை 69-ஆல் வகுத்தால் 133.6. மூன்றால் பெருக்கினால் 400-க்குக் கொஞ்சம் மேலேயே வருகிறது, காகிதத்தில் எல்லாம் சரி. ஆனால் 0.6 பன் என்று ஒன்று கிடையாது. ஈட்டுக்கு 133 தான் வெட்ட முடியும். மூன்றும் சேர்ந்து 399. ஒவ்வொரு ஈட்டிலும் நாற்பது சொச்சம் கிராம் துண்டு மிஞ்சும். மூன்றையும் சேர்த்து உருட்டினால் ஒரு பன் ஆகுமே என்று தோன்றும். மூன்றாவது ஈடு மேசைக்கு வரும்போது முதல் ஈட்டின் துண்டு மேலே தோல் கட்டி, உள்ளே பொங்கி, வேறு மாவாகியிருக்கும்.

அதனால் நான் மொத்தத்திலிருந்து வராமல் ஈட்டிலிருந்து வந்தேன். ஈட்டுக்கு 134 உருண்டை வேண்டும் என்று வைத்துக்கொண்டு பின்னோக்கிப் போனால் மைதா 5.214 கிலோ. 5.22 என்று எழுதினேன். மாவு சரியாக 9.5 கிலோ, மொத்தம் 402 பன். வெறும் 20 கிராம் மைதாவில் ஈட்டுக்கு ஒரு பன் கூடுகிறது.

காலையில் தாளைப் பார்த்ததும் மாஸ்டர், "134-ஆ? 140 போடுங்க தம்பி" என்றார். எதற்கு என்று கேட்டேன். "கை எடுத்துக்கும்" என்றார். அவ்வளவுதான் சொன்னார். சேதத்தை ஏற்கெனவே சேர்த்திருக்கிறேன் என்று காட்டினேன். சரி என்று போய்விட்டார். அவர் 'கை' என்றது எதை என்று அப்போதே கேட்டிருக்கலாம். ஆனால் காரணம் சொல்லாத ஆறு உருண்டையை எந்தக் கணக்கில் எழுதுவது?

மூன்றாவது ஈடு வெட்டி முடித்ததும் எண்ணினோம். ஈட்டுக்கு 132. மொத்தம் 396.

ஒரு ட்ரேயிலிருந்து பத்து உருண்டையை ஒன்றாகத் தராசில் வைத்தேன். 690 இருக்க வேண்டிய இடத்தில் 700. காரணம் உடனே புரிந்தது. ஒவ்வொரு கிராமாகக் காட்டும் தராசு அன்று கேக் பகுதிக்குப் போயிருந்தது. மேசையில் இருந்தது இரண்டு இரண்டு கிராமாகக் காட்டும் தராசு. அதில் 68 உண்டு, 70 உண்டு, 69 கிடையாது. 69-க்குக் குறையக் கூடாது என்று சொல்லப்பட்ட பையன் 70 தெரியும்வரை மாவைக் கிள்ளி வைத்திருக்கிறான். அவன் செய்தது சரிதான். உருண்டைக்கு ஒரு கிராம் அதிகம் போனதில் ஈட்டுக்கு இரண்டு பன் போய்விட்டது.

முதல் இரண்டு ஈடும் எழும்பிக்கொண்டிருந்தன, அவற்றில் கை வைக்க முடியாது. மூன்றாவது மட்டும் மேசையில் இருந்தது. அங்கேதான் அந்தப் பேச்சு நடந்தது.

"மூணாவது ஈட்டைத் திரும்பச் சேர்த்து 68-ஆ வெட்டிரலாம். 136 வரும். மேல 264. நானூறு ஆச்சு."

"68 போட்டா சுட்டப்புறம் 60-க்குக் கீழ போயிரும் மாஸ்டர்."

"எவ்வளவு கீழ?"

கணக்குப் போட்டுப் பார்த்தேன். 59.84. சொல்லவே ஒரு மாதிரி இருந்தது.

"கால் கிராம்கூட இல்லையே" என்றார். அப்புறம்தான் அந்தக் கேள்வி: எண்ணிக்கையா, எடையா.

"ரெண்டும்தான்" என்றேன்.

"ரெண்டும் வேணும்னா காலைலயே கூடப் போட்டிருக்கணும்."

நான் எடையைப் பிடித்துக்கொண்டேன். 396 பன் நேரத்துக்குப் போகட்டும், நாலு பன் பின்னால் வரும் என்று வாங்குபவர்களுக்குப் போனில் சொல்லிவிட்டு, அந்த நாலுக்குத் தனியாக மாவு பிசையச் சொன்னேன். மைதா 170 கிராம். இந்த அளவுக்கு மிக்ஸர் கொக்கி மாவைப் பிடிக்கவே பிடிக்காது, கையால்தான் பிசைய வேண்டும். ஈஸ்ட் 2.4 கிராம் வேண்டும், உப்பு 2.7. இரண்டு கிராமுக்கு ஒருமுறை நகரும் தராசில் இரண்டையும் நிறுக்க முடியாது. மாஸ்டர் விரல் நுனியால் எடுத்துப் போட்டார். வந்த நாலு பன்னும் எடை சரியாக இருந்தன. மற்றவற்றைவிடக் கொஞ்சம் இறுக்கமாக இருந்தன. ஈஸ்ட் எவ்வளவு விழுந்தது என்று யாருக்கும் தெரியாது. எடை குறையக் கூடாது என்று பிடிவாதமாக நின்ற நான், அளக்காத நாலு பன்னைத்தான் அனுப்பினேன்.

என் பக்கத்திலும் நியாயம் உண்டு. 12 சதவீதம் என்பது சராசரி. ட்ரேயின் நடுவில் இருக்கும் பன் 11 இழக்கும். ஓரத்திலும் மூலையிலும் இருப்பது 13 வரை இழக்கும். 69 கிராம் மூலைக்குப் போனால் 60.03. மயிரிழையில் தப்பிக்கும். 68 மூலைக்குப் போனால் 59.2. ஆக, பேச்சு கால் கிராமைப் பற்றியது இல்லை. ஓரத்துப் பன்கள் ஒரு கிராம் வரை குறையும். ஒவ்வொன்றும் 60 என்று வாக்குக் கொடுத்திருக்கும்போது சராசரியைக் காட்டிச் சமாளிக்கக் கூடாது. இன்றைக்கு 68 என்று வெட்டினால், நாளைக்கு இன்னொரு தட்டுப்பாட்டில் 67 என்று வெட்டக் கை கூசாது. இதைச் சொல்லிக்கொண்டால் நான் செய்தது சரி என்றே படுகிறது.

ஆனால் அதே கணக்கு எதிர்ப்பக்கமும் பேசுகிறது. 68 கிராம் நடுவில் வெந்தால் 60.5. அப்படியானால் 136-ல் கொஞ்சம் பன்கள்தான் குறைந்திருக்கும், அதுவும் ஒரு கிராமுக்குள். ஒரு நிமிடம் முன்னால் வெளியே எடுத்திருந்தால் அதுவும் குறைந்திருக்காமல் போகலாம். 59 கிராம் பன்னைக் கையில் வாங்குபவருக்கு வித்தியாசமே தெரியாது. வரிசையில் நின்று பன் கிடைக்காத நாலு பேருக்குத் தெரியும். எடைக்குப் பயந்தேனே, அவர்களை நினைத்தேனா? அன்று வாங்கியவர்கள் எதுவும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் எனக்கும் ஒரு பதில் கிடைத்திருக்கும்.

மாஸ்டர் சொன்ன 'கை' இப்போது புரிகிறது. நான் ஓவன் சேதத்தை எழுதினேன், ஒட்டுகிற சேதத்தை எழுதினேன், எழும்பும்போது போவதையும் எழுதினேன். வெட்டுகிற கை கொடுக்கும் அதிகத்தை எழுதவில்லை. குறையக் கூடாது என்று சொன்னால் எந்தக் கையும் கூடவேதான் வைக்கும். அதற்காக ஆறு உருண்டை கூடப் போடுவதை நான் ஒப்புக்கொள்ளவில்லை. இப்போது முதல் ஈட்டில் முதல் பத்து உருண்டையை ஒன்றாக நிறுக்கச் சொல்கிறேன். 690-க்கு மேல் போனால் அங்கேயே தெரிந்துவிடும், சரிசெய்ய இன்னும் இரண்டு ஈடு கையில் இருக்கும். இரண்டு கிராம் தராசுதான் இருக்கிறது என்றால் தாளிலேயே 70 என்று எழுதிவிடுகிறேன். அதற்கு ஈட்டுக்கு 75 கிராம் மைதா கூடுதல், அவ்வளவே. இதையெல்லாம் செய்தால் ஈட்டுக்கு 134 போதும், ரொம்பப் பயந்தால் 136.

மாஸ்டர் இதற்குத் தலையாட்டுவார். நான் இல்லாத நாளில் அவர் எழுதும் தாளில் 140 தான் இருக்கும். மிஞ்சும் மாவைக் குளிர்பெட்டியில் வைத்து மறுநாள் முதல் ஈட்டில் சேர்ப்பார். பத்தில் ஒரு பங்குக்கு மேல் பழைய மாவு போடக் கூடாது என்பதில் கவனமாக இருப்பார். சுவையும் நன்றாகத்தான் வருகிறது. ஆனால் பழைய மாவுக்குள் ஏற்கெனவே மைதாவும் தண்ணீரும் இருக்கிறதே, அதைப் புதிய அளவிலிருந்து கழிக்க வேண்டும். ஒரு கிலோ பழைய மாவைக் கழிக்காமல் சேர்த்தால் பதினாலு பன் கூடுதலாக வரும். நான் எழுதும் நாளில் கழிக்கிறேன். அவர் கழிப்பதில்லை. அதனால் மறுநாளும் மிஞ்சுகிறது, அதற்கு மறுநாளும் மிஞ்சுகிறது. அது எனக்குப் பிடிக்கவில்லை. ஆனால் அவர் கணக்கு எழுதிய நாளில் ஒரு பன்கூடக் குறைந்ததில்லை.