மூன்றாவது முறையும் அதே பிசிறு

ஹைட்ராலிக் வால்வுகளைச் சோதிக்கும் மேடையில், எண்ணெய் ஓட்டத்தைத் திருப்பும் உருளையான ஸ்பூல் இறுகி நிற்பது எப்போதாவது நிகழக்கூடியதுதான். ஆனால் ஒரே சப்ளையரிடமிருந்து வந்த எஃகு வால்வு பாடிகளில், ஒரே இடத்தில், ஒரே வகையான உலோகப் பிசிறு மூன்றாவது முறையாகக் கிடைத்தபோது, இதை இனி ரிஜெக்‌ஷன் சீட்டு எழுதி மாற்றுச் சரக்கு வாங்கும் விஷயமாகக் கருத முடியாது என்று முடிவு செய்தோம். முறையான திருத்த நடவடிக்கை அறிக்கையைக் கேட்டுக் கடிதம் எழுதும் பொறுப்பு என்னிடம் வந்தது. அந்தக் கடிதத்தில் எதைக் கேட்டோம், ஏன் அப்படிக் கேட்டோம் என்பதைச் சொல்லவே இதை எழுதுகிறேன்.

பாகத்தைப் பற்றிச் சிறிது விளக்க வேண்டும். வால்வு பாடியின் நடுவே 16 மில்லிமீட்டர் விட்டமுள்ள முதன்மைத் துளை நீளவாக்கில் செல்கிறது. ஸ்பூல் அதற்குள் சில மைக்ரான் இடைவெளியில் நகர்கிறது. பக்கவாட்டிலிருந்து 4 மில்லிமீட்டர் துளை ஒன்று வந்து இந்த முதன்மைத் துளையைச் சந்திக்கிறது. டிரில் அந்தச் சந்திப்பில் வெளியேறும்போது விளிம்பில் பிசிறு எழுவது இயல்பு. அதை பிரஷ் டூலால் நீக்கிவிட்டு, பிறகு முதன்மைத் துளையை ஹோனிங் முறையில் தேய்த்து மெருகேற்றுவது அவர்களுடைய செயல்முறை. பத்து மடங்கு உருப்பெருக்கத்தில் பார்த்தால் சந்திப்பில் பிசிறு எதுவும் இருக்கக் கூடாது என்று வரைபடம் தெளிவாகச் சொல்கிறது. ஒட்டிக்கொண்டிருக்கும் சிறு துண்டு எண்ணெய் ஓட்டத்தில் பிய்ந்து வந்தால் ஸ்பூல் சிக்கிவிடும் என்பதே அந்த நிபந்தனைக்குக் காரணம்.

முதல் இரண்டு முறையும் சப்ளையரிடமிருந்து மின்னஞ்சலில் பதில் வந்திருந்தது. தேதியையும் லாட் எண்ணையும் தவிர இரண்டுக்கும் வேறுபாடு இல்லை. ஆபரேட்டரின் கவனக்குறைவு காரணம் என்றும், அவருக்கு மறுபயிற்சி அளிக்கப்பட்டது என்றும், இனி நூறு சதவீத ஆய்வு செய்யப்படும் என்றும் எழுதியிருந்தார்கள். இத்தகைய பதிலை ஏற்றுக்கொண்டு கோப்பை மூடுவதுதான் அதே குறைபாடு திரும்பி வருவதற்கான நேர்வழி என்று நான் உறுதியாக நம்புகிறேன். கவனக்குறைவு என்பது காரணமாகவே இருந்தாலும், அது ஏன் குறிப்பிட்ட சில பாகங்களில் மட்டும் வெளிப்பட்டது என்ற கேள்விக்கு அந்தப் பதிலில் இடமே இல்லை. ஐஎஸ்ஓ 9000 சொற்பட்டியல் ‘திருத்தம்’ என்பதையும் ‘திருத்த நடவடிக்கை’ என்பதையும் தனித்தனியாக வரையறுக்கிறது. முன்னது கண்டெடுத்த குறையை நீக்குவது. பின்னது அதன் காரணத்தை நீக்கி மறுபடி வராமல் தடுப்பது. எங்களுக்கு இரண்டு முறையும் கிடைத்தது முன்னது மட்டுமே.

கடிதம் எழுதுவதற்கு முன் எங்கள் பக்கத்தில் செய்ய வேண்டிய வேலை ஒன்று இருந்தது. மூன்றாவது லாட்டில் இருந்த 1,200 பாகங்களையும், துளைக்குள் செலுத்திப் பார்க்கும் கருவியான போர்ஸ்கோப் வைத்துப் பார்த்தோம். 38 பாகங்களில் பிசிறு இருந்தது. அந்தச் சப்ளையரிடம் முதல் செயலின்போதே பாகத்தில் வரிசை எண் பொறிக்கப்பட்டுவிடும் என்பதால், குறைபாடுள்ள பாகங்களை எண் வரிசைப்படி மேசைமேல் அடுக்கச் சொன்னேன். அடுக்கி முடித்ததும் அங்கிருந்த எல்லோருக்கும் ஒரே விஷயம் கண்ணில் பட்டது. 38 பாகங்களும் மூன்று கொத்துகளாகப் பிரிந்து நின்றன. ஒவ்வொரு கொத்தும் மெல்ல மெல்லத் தொடங்கி, நெருக்கமாகி, திடீரென்று முடிந்தது. ஒரு கொத்து முடியும் எண்ணுக்கும் அடுத்த கொத்து முடியும் எண்ணுக்கும் இடையே ஏறத்தாழ 500 பாகங்கள் இருந்தன. மனிதரின் கவனக்குறைவு இப்படிக் கணக்காக வந்து, கணக்காக நிற்பதில்லை.

அதனால் கடிதத்தின் முதல் பகுதியில் சிக்கலைப் பற்றிய விவரம் மட்டுமே இருந்தது. பாக எண், வரைபடத் திருத்த எண், லாட் எண், பார்த்த எண்ணிக்கை, குறைபாடு கண்ட எண்ணிக்கை, எந்தக் கருவியால் எவ்வளவு உருப்பெருக்கத்தில் பார்த்தோம் என்ற குறிப்பு, 38 வரிசை எண்களின் பட்டியல், படங்கள் ஆகியவற்றைக் கொடுத்தோம். பிசிறு எங்கே இருந்தது என்பதோடு எங்கே இல்லை என்பதையும் எழுதினோம்: அதே பாகத்தின் மற்ற விளிம்புகளில் இல்லை, அதே சப்ளையரின் ஓராண்டுக்கு முந்தைய லாட்களில் இல்லை. ‘தரம் மிக மோசம்’ போன்ற சொற்களைத் தவிர்த்தோம். டிரில் தேய்மானம்தான் காரணமாக இருக்கும் என்று எனக்குத் தோன்றினாலும் அதைக் கடிதத்தில் எழுதவில்லை. வாடிக்கையாளரே காரணத்தை எழுதிக் கொடுத்துவிட்டால், சப்ளையர் அதையே அறிக்கையில் நகல் எடுத்து அனுப்புவார். உண்மையான காரணம் வேறாக இருந்தால் அது தேடப்படாமலே போகும். வரிசை எண்களைக் கொடுத்தோம். அவற்றை என்னவென்று பார்ப்பது அவர்கள் வேலை.

இரண்டாவது பகுதி உடனடித் தடுப்பு பற்றியது. குறைபாடு இருக்கக்கூடிய சரக்கு நான்கு இடங்களில் இருக்கும்: எங்கள் ஸ்டோர், எங்கள் அசெம்பிளி லைனும் முடிந்த வால்வுகளும், வழியில் வந்துகொண்டிருக்கும் சரக்கு, சப்ளையரிடம் முடிந்தும் முடியாமலும் இருக்கும் பாகங்கள். ஒவ்வொன்றிலும் எத்தனை இருக்கிறது, எப்படிப் பிரித்துப் பார்க்கப்பட்டது, எத்தனை ஒதுக்கப்பட்டது என்பதை 24 மணி நேரத்துக்குள் கேட்டோம். இந்தப் பகுதிக்கு அவர்கள் தயங்காமல் பதில் தந்தார்கள்.

என்னுடைய பார்வையில் மூன்றாவது பகுதிதான் கடிதத்தின் உயிர். இரண்டு ‘ஏன்’களுக்குத் தனித்தனியாகப் பதில் கேட்டோம். குறைபாடு ஏன் உருவானது என்பது ஒன்று. உருவான குறைபாடு ஏன் உங்கள் ஆய்வில் பிடிபடாமல் எங்களிடம் வந்தது என்பது மற்றொன்று. 1987-இல் ஃபோர்டு நிறுவனம் வெளியிட்ட கையேட்டிலிருந்து பரவிய, சிக்கலை எட்டுப் படிகளில் தீர்க்கும் 8டி முறையைப் பின்பற்றுபவர்கள் இந்த இரண்டையும் பிரித்தே எழுதுவார்கள். பெரும்பாலான அறிக்கைகள் ஒன்றுக்குப் பதில் சொல்லி மற்றொன்றை அதற்குள்ளேயே புதைத்துவிடுகின்றன. கூடவே ஒரு நிபந்தனையும் சேர்த்தோம்: நீங்கள் சொல்லும் காரணத்தை வைத்துக் குறைபாட்டை வேண்டுமென்றே உருவாக்கிக் காட்டுங்கள், பிறகு அந்தக் காரணத்தை நீக்கி, குறைபாடு வராமல் போவதையும் காட்டுங்கள்.

முதல் பதில் மறுபடியும் ஆபரேட்டரைத்தான் குறை கூறியது. தொலைபேசியில் அவர்களுடைய தரப் பிரிவு மேலாளரிடம், “சார், ஆபரேட்டர் ஒவ்வொரு 500 பாகத்துக்கு ஒரு முறையா கவனம் தவறுகிறார்? வரிசை எண்களை உங்கள் டூல் மாற்றும் பதிவேட்டோடு ஒருமுறை வைத்துப் பாருங்கள்” என்றேன். சிறிது மௌனத்துக்குப் பிறகு, “பார்த்துவிட்டுக் கூப்பிடுகிறேன், சார்” என்றார். அவர் நேர்மையான மனிதர். கூப்பிட்டார், வந்து பார்க்கவும் அழைத்தார்.

மெஷின் பக்கத்தில் நின்று பார்த்தபோது முழுக் கதையும் விளங்கியது. முன்பு 300 துளைகளுக்கு ஒருமுறை டிரில்லை மாற்றிக்கொண்டிருந்தார்கள். பிறகு பூச்சுள்ள டிரில் ஒன்றுக்கு மாறி, அதன் ஆயுளை 500 துளைகளாக உயர்த்தினார்கள். உயர்த்துவதற்கு முன் முறையாகச் சோதித்தும் இருந்தார்கள். 500-ஆவது துளையிலும் விட்டம் டாலரன்ஸுக்குள்தான் இருந்தது. ஆனால் டூல் ஆயுளை விட்டத்தை வைத்து மட்டும் நிர்ணயித்தார்களே ஒழிய, வெளியேறும் விளிம்பில் எழும் பிசிறை யாரும் பார்க்கவில்லை. டிரில் மழுங்க மழுங்க உலோகத்தை வெட்டுவதைவிடத் தள்ளுவது அதிகமாகிறது. பிசிறின் அடிப்பகுதி தடிக்கிறது. மெல்லிய பிசிறை பிரஷ் அறுத்துவிடும். தடித்த பிசிறை அது அறுப்பதில்லை, பக்கத் துளைக்குள் மடக்கிவிடுகிறது. அதன்பின் ஹோனிங் முதன்மைத் துளையைப் பளபளப்பாக்கிவிடுகிறது.

இரண்டாவது ‘ஏன்’ என்பதற்கும் இங்கேதான் விடை கிடைத்தது. ஆய்வாளர் முதன்மைத் துளையின் ஒரு முனையில் விளக்கை வைத்து மறுமுனையிலிருந்து பார்க்கிறார்; துளையின் அளவைச் சரிபார்க்கும் பிளக் கேஜைச் செலுத்துகிறார். துளை சுத்தமாகத் தெரிகிறது, கேஜும் தடையின்றிப் போகிறது. மடங்கிய பிசிறோ பக்கத் துளையின் சுவரோடு ஒட்டிக் கிடக்கிறது. இந்த முறையில் நூறு சதவீதம் அல்ல, இருநூறு சதவீதம் ஆய்வு செய்தாலும் அது கண்ணில் படாது. ஆய்வாளருக்கு எத்தனை முறை மறுபயிற்சி கொடுத்திருந்தாலும் பயன் இருந்திருக்காது என்பதை நினைக்கும்போது, முந்தைய அறிக்கைகளில் பெயர் அடிபட்ட அந்த ஊழியர்களுக்காக வருத்தப்பட்டேன்.

480 துளைகள் போட்ட டிரில்லால் சில பாகங்களைச் செய்து காட்டினார்கள். மடங்கிய பிசிறு வந்தது. புதிய டிரில்லைப் போட்டு அதே பிரஷ், அதே ஆபரேட்டர், அதே மெஷினில் செய்து காட்டினார்கள், வரவில்லை. காரணம் நிரூபணமானது.

திருத்த நடவடிக்கையாக டூல் ஆயுளை 300-க்குக் குறைத்து, அந்த எண்ணிக்கையை மெஷினின் கவுன்டரில் பூட்டினார்கள். 300 வந்ததும் மெஷின் தானாக நின்றுவிடும். ஆபரேட்டரின் நினைவை நம்பியிருக்கும் ஏற்பாடு எதையும் ஏற்க மாட்டோம் என்று சொல்லியிருந்தோம். ஒவ்வொரு டிரில்லின் கடைசி ஐந்து பாகங்களையும் பக்கத் துளை வழியே போர்ஸ்கோப்பால் பார்ப்பது கண்ட்ரோல் பிளானில் சேர்க்கப்பட்டது. டிரில், டூல் ஆயுள், பிரஷ் ஆகியவற்றில் எதை மாற்றினாலும் முன்கூட்டியே எங்களிடம் ஒப்புதல் பெற வேண்டும் என்பதும் எழுத்தில் வந்தது.

கோப்பை எப்போது மூடுவது என்பதில் எங்கள் அலுவலகத்திலேயே கருத்து வேறுபாடு இருந்தது. அடுத்த மூன்று லாட்கள் சுத்தமாக வந்தால் மூடிவிடலாம் என்பது வழக்கம். 1,200 பாக லாட்டில் நாங்கள் எடுக்கும் மாதிரி 80. லாட்டில் ஒரு சதவீதக் குறைபாடு இருந்தாலும், 80 மாதிரியில் ஒன்றுகூடச் சிக்காமல் போவதற்கு ஏறத்தாழ 45 சதவீத வாய்ப்பு உண்டு. தொடர்ந்து மூன்று லாட்களிலும் அப்படியே தப்பிவிடும் வாய்ப்பு 9 சதவீதம். ஏற்கெனவே இரண்டு முறை ஏமாந்த பாகத்துக்கு அது எனக்குப் போதுமானதாகப் படவில்லை. எனவே எங்கு குறைபாடு வர வேண்டுமோ அங்கேயே தேடினோம்: மூன்று லாட்களிலும் டிரில் மாற்றுவதற்குச் சற்று முன் செய்யப்பட்ட பாகங்களை வரிசை எண்ணால் பிரித்தெடுத்துப் பார்த்தோம். தற்செயலாக எடுக்கும் நூற்றுக்கணக்கான மாதிரிகளைவிட அந்தச் சில பாகங்கள் தெளிவாகப் பேசின. மூன்றிலும் சந்திப்பு விளிம்பு சுத்தமாக இருந்தது.

அப்போதும் கையெழுத்திடவில்லை. அதே சப்ளையர் எங்களுக்குச் செய்து தரும் இன்னொரு வால்வு பாடியிலும் இதே போன்ற பக்கத் துளை உண்டு. அதற்கும் அதே பூச்சுள்ள டிரில்தான், அதே 500 துளை ஆயுள்தான். அந்தப் பாகத்தில் எங்களுக்குப் புகார் எதுவும் வந்திருக்கவில்லை. அதன் கண்ட்ரோல் பிளானும் திருத்தப்பட்டு, கையிருப்பில் இருந்தவை போர்ஸ்கோப்பில் பார்க்கப்பட்டு, பார்த்த முடிவு வந்த பிறகே அறிக்கையை ஏற்றுக் கோப்பை மூடினோம். அந்தக் கையிருப்பிலும் மடங்கிய பிசிறுள்ள பாகங்கள் இருந்தன. அவை அவர்களுடைய தொழிற்சாலையை விட்டு வெளியேறவில்லை.