லாட்ஜ் வெப்சைட்டுக்கு விலை சொல்லும் மெயில்: எது சேரும், எது சேராது

வெப் டிசைன் படிக்கிறவர்களிடம் கோர்ஸ் முடியும்போது "ஒரு சின்ன கிளையண்ட்டுக்கு புரொபோசல் மெயில் எழுதிக் காட்டுங்க" என்று கேட்பதுண்டு. வேலைக்கு ஆள் எடுக்கும்போதும் இதே கேள்வி வரும். டிசைன் நன்றாகப் போடுகிறவர்கள்கூட இதில் சறுக்குகிறார்கள். விலையைத் தெளிவாக எழுதிவிட்டு, அந்த விலைக்குள் என்னென்ன வராது என்பதை விட்டுவிடுவார்கள். மெயிலைத் திருத்துகிறவர் முதலில் தேடுவதே அதைத்தான். ஒரே ஒரு கேஸை எடுத்து முழுசாகப் பார்ப்போம்.

வேலூரில் சிஎம்சி ஆஸ்பத்திரிக்கு நடந்து போகும் தூரத்தில், காந்தி ரோடு பக்கம் 18 ரூம் உள்ள ஒரு லாட்ஜ் என்று வைத்துக்கொள்ளுங்கள். தங்குகிறவர்களில் பலர் மேற்கு வங்காளத்திலிருந்தும் வங்கதேசத்திலிருந்தும் வைத்தியத்துக்கு வருகிறவர்கள். லாட்ஜ் ஓனர் பாய் போனில் சொல்கிறார்: "வெப்சைட் ஒண்ணு போடணும்பா. பெங்கால்காரங்க ஊர்லேர்ந்தே பார்த்து ரூம் புக் பண்ணிக்கணும். எவ்ளோ ஆவும்?"

மெயில் எழுத உட்காரும் முன் இந்தப் பேச்சைப் பிரித்துப் பார்க்க வேண்டும். "புக் பண்ணிக்கணும்" என்பதில் மூன்று தனித்தனி வேலை இருக்கிறது. முதலாவது, "இந்தத் தேதிக்கு ரூம் வேணும்" என்று கேட்டு லாட்ஜின் வாட்ஸ்அப்புக்குத் தகவல் வருவது. இரண்டாவது, எந்த ரூம் காலி என்று தளமே காட்டுவது. மூன்றாவது, பணம் ஆன்லைனில் கட்டுவது. முதலாவது அரை நாள் வேலை. இரண்டாவதற்கு ரிசப்ஷனில் இருப்பவர் ஒவ்வொரு செக்-இன், செக்-அவுட்டையும் கணினியில் ஏற்றியாக வேண்டும். நோட்டில் எழுதிப் பழகிய லாட்ஜில் அது நாலு நாள் நடக்கும், பிறகு நின்றுவிடும். காலி என்று காட்டிய ரூமில் ஏற்கெனவே ஆள் இருந்தால், ரயிலில் வந்து இறங்கிய நோயாளிக்கு யார் பதில் சொல்வது? மூன்றாவதற்கு பேமென்ட் கேட்வே வேண்டும். அதற்கு லாட்ஜின் பேரில் பேங்க் கணக்கும் ஆவணங்களும் தர வேண்டும், ஒவ்வொரு தொகைக்கும் கட்டணமும் பிடிப்பார்கள். பாய் மூன்றையும் ஒரே சொல்லில் சொல்லிவிட்டார். நீங்கள் முதலாவதை நினைத்து விலை போடுவீர்கள், அவர் மூன்றையும் நினைத்துச் சரி என்பார். தகராறு அங்கேதான் பிறக்கிறது.

"பெங்கால்காரங்க பார்த்து" என்பதும் அப்படித்தான். வங்காளி மொழியில் பக்கம் வேண்டும் என்றால் மொழிபெயர்ப்பது யார், எழுத்துப் பிழை பார்ப்பது யார்? உங்கள் டீமில் அந்த எழுத்தைப் படிக்கத் தெரிந்தவர் இல்லையென்றால், ஒரு எழுத்து உடைந்திருந்தாலும் உங்கள் கண்ணுக்குத் தெரியாது. வெளிநாட்டவர் தங்கினால் லாட்ஜ் 24 மணி நேரத்துக்குள் அவர் விவரத்தை அரசுக்கு ஆன்லைனில் பதிய வேண்டும். "பாஸ்போர்ட் காப்பியும் வெப்சைட்லயே வாங்கிக்கலாமே" என்று ஒரு நாள் கேட்பார். கேட்கும் முன்பே பதில் மெயிலில் இருக்கட்டும். மற்றவர் பாஸ்போர்ட்டைச் சேமித்து வைக்கும் பொறுப்பை ஐந்து பக்க வெப்சைட் வேலையோடு சேர்த்துச் சுமக்காதீர்கள்.

இனி மெயில். பாய் இதைப் போனில்தான் படிப்பார். டேபிள் போட்டால் திரையில் கோணிக்கொண்டு நிற்கும், பிடிஎஃப் இணைத்தால் திறக்காமலே போகலாம். மெயிலுக்குள்ளேயே சின்னப் பத்திகளாக எழுதுங்கள். விலை மேலேயே வரட்டும். கீழே ஒளித்து வைத்தால் அவர் நேராக அங்கே போய் அதை மட்டும் பார்த்துவிட்டு மூடிவிடுவார்.

---

பொருள்: லாட்ஜ் வெப்சைட் – ரூ. 22,000 – என்னென்ன சேரும், சேராது

வணக்கம் பாய்,

போனில் பேசியபடி வெப்சைட் விவரம் கீழே. மொத்த விலை ரூ. 22,000. எங்களுக்கு ஜிஎஸ்டி பதிவு இல்லை, இதற்கு மேல் வரி வராது.

இந்த விலையில் சேர்வது:
ஆங்கிலத்தில் 5 பக்கம் (முகப்பு, ரூம் வகையும் வாடகையும், வசதிகள், சிஎம்சியிலிருந்து வரும் வழி, தொடர்பு) – ரூ. 16,000.
அதே 5 பக்கமும் வங்காளியில், நீங்கள் தரும் மொழிபெயர்ப்பை வைத்து – ரூ. 4,000.
கூகுள் மேப்பில் லாட்ஜைப் பதிவு செய்து கொடுப்பது – ரூ. 2,000. சரிபார்த்து அனுமதிப்பது கூகுள், அது எத்தனை நாளில் நடக்கும் என்பது எங்கள் கையில் இல்லை.
ரூம் கேட்பவர் தேதியும் ஆள் எண்ணிக்கையும் போட்டால் உங்கள் வாட்ஸ்அப்புக்கு வரும். ரூம் உண்டா இல்லையா என்று நீங்கள் பதில் சொல்ல வேண்டும். இது 16,000-க்குள் வருகிறது.
இரண்டு முறை திருத்தம். தளம் திறந்த பிறகு 30 நாளுக்கு, நாங்கள் செய்ததில் ஏதாவது வேலை செய்யாவிட்டால் இலவசமாகச் சரிசெய்வோம்.

இந்த விலையில் சேராதது:
காலி ரூமைத் தளத்தில் காட்டுவது. பிறகு வேண்டுமென்றால் தனி விலை சொல்கிறோம்.
ஆன்லைனில் பணம் கட்டும் வசதி. இதுவும் தனி விலை.
வங்காளி மொழிபெயர்ப்பும் பிழை பார்ப்பதும். உங்கள் ஆள் ஒருவர் படித்துச் சரி என்று எழுத்தில் சொல்ல வேண்டும்.
போட்டோ எடுப்பது. நீங்களே எடுத்துத் தரலாம்.
டொமைன், ஹோஸ்டிங் கட்டணம். உங்கள் பேரில், உங்கள் கார்டில் நேரடியாகக் கட்டுவீர்கள், வாங்கும்போது நாங்கள் கூட இருப்போம். இரண்டாம் வருடக் கட்டணம் முதல் வருடத்தைவிடக் கூடுதலாக இருக்கலாம்.
பாஸ்போர்ட் காப்பி வாங்குவது, வெளிநாட்டவர் விவரத்தை அரசுக்குப் பதிவது. இவை இந்தத் தளத்தில் வராது, லாட்ஜிலேயே பார்த்துக்கொள்ள வேண்டும்.

நீங்கள் தர வேண்டியது: 15 போட்டோ, வாடகை விவரம், வங்காளி மொழிபெயர்ப்பு.

நாள்: முன்பணமும் மேலே சொன்ன மூன்றும் வந்து சேர்ந்த நாளிலிருந்து 15 வேலை நாள்.

பணம்: தொடங்கும்போது 10,000. பார்வைக்கு லிங்க் அனுப்பியதும் 8,000. உங்கள் டொமைனில் ஏற்றும் முன் 4,000.

இந்த விலை இன்றிலிருந்து 15 நாளுக்குச் செல்லும். சரி என்றால் இந்த மெயிலுக்கே "சம்மதம்" என்று பதில் போடுங்கள், முன்பணம் அனுப்பும் விவரம் தருகிறோம்.

---

இதில் சில வரிகள் ஏன் அப்படி இருக்கின்றன என்று பார்க்கலாம். "சேர்வது" பகுதியில் எல்லாவற்றுக்கும் எண் இருக்கிறது: 5 பக்கம், இரண்டு முறை, 30 நாள். "முதலியவை", "ஃபுல் சப்போர்ட்", "எவ்வளவு திருத்தம் வேண்டுமானாலும்" என்று எழுதினால் அதற்கு எல்லையே கிடையாது. "இரண்டு முறை திருத்தம்" என்பதுகூட முழுசாகப் போதாது. வாட்ஸ்அப்பில் ஒரு நாளுக்கு ஐந்து மெசேஜ் வந்தால் அது ஒரு முறையா, ஐந்து முறையா? மாணவர்கள் அடிக்கடி விடுவது இதைத்தான், மேலே உள்ள மெயிலிலும் அது விடுபட்டிருக்கிறது. "ஒரு முறை என்றால் எல்லாத் திருத்தத்தையும் சேர்த்து ஒரே மெயிலில் தருவது, புதுப் பக்கம் கேட்டால் அது திருத்தத்தில் வராது" என்று ஒரு வரி சேர்த்து எழுதுங்கள்.

"சேராதது" பகுதியில் வெறுமனே "இல்லை" என்று நிறுத்தக் கூடாது. பிறகு வேண்டுமென்றால் என்ன வழி, அதை யார் செய்வார் என்பது கூடவே வர வேண்டும். இல்லையென்றால் எல்லாவற்றையும் தட்டிக்கழிப்பது போலத் தோன்றும். அதே சமயம் உலகத்தில் உள்ளதை எல்லாம் அடுக்கவும் வேண்டாம். ஆப், லோகோ, விளம்பரம் என்று பாய் கேட்காததை எழுதினால் படிக்கிறவருக்கு அலுத்துவிடும். அவர் போனில் சொன்ன வார்த்தைக்குள் ஒளிந்திருக்கும் எதிர்பார்ப்புகளை மட்டும் எடுங்கள். ஐந்தாறு வரி போதும்.

மெயிலில் ஜிஎஸ்டி பற்றிய வாக்கியத்தைத் தவற விடாதீர்கள். சேவைத் தொழிலில் வருட வரவு 20 லட்சத்துக்குள் இருந்தால் பொதுவாகப் பதிவு தேவைப்படாது. பதிவு இல்லாதவர் ஜிஎஸ்டி என்ற பேரில் பணம் வசூலிக்கவும் கூடாது. பதிவு இருந்தால் 18 சதவீதம் சேர்ந்து 22,000 என்பது 25,960 ஆகிவிடும். சின்ன லாட்ஜுக்கு அந்த 3,960 பெரிய வித்தியாசம். மெயிலில் இரண்டு எண்ணையும் போடாமல் "வரி தனி" என்று மட்டும் எழுதினால், கடைசி பில்லைப் பார்க்கும்போது அவருக்கு ஏமாற்றிவிட்டது போல் இருக்கும்.

நாள் கணக்கு எப்போது தொடங்கும் என்பதை "முன்பணமும் மேலே சொன்ன மூன்றும் வந்து சேர்ந்த நாள்" என்று கட்டியிருப்பதைக் கவனியுங்கள். இப்படிப்பட்ட வேலை தாமதமாவது பெரும்பாலும் போட்டோவால்தான். போட்டோவை வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் சுருங்கி மங்கலாகும், டாகுமென்ட்டாக அனுப்பச் சொல்லுங்கள். வங்காளி எழுத்தைப் படமாக வாங்காமல் டைப் செய்த யூனிகோட் எழுத்தாகவே வாங்குங்கள். படமாக வந்தால் தேடலில் அகப்படாது, வாடகை மாறும்போது திருத்தவும் முடியாது.

டொமைன் கிளையண்ட் பேரிலேயே இருக்கட்டும். சுலபம் என்று உங்கள் கணக்கில் வாங்கினால் வருடா வருடம் புதுப்பிக்கும் பொறுப்பு உங்கள் தலையில் விழும். ஒரு வருடம் மறந்தாலும் தளம் படுத்துவிடும், அப்போது பாய்க்கு உங்கள் நம்பர்தான் ஞாபகம் வரும்.

மெயில் போனதும் பேரம் வரும். "18,000-க்கு முடிச்சுக் குடுப்பா." அதே வேலைக்கு விலையை இறக்கினால், முதலில் சொன்ன 22,000 எதை வைத்துச் சொன்னது என்ற கேள்விக்குப் பதில் இருக்காது. மெயிலில் விலையை மூன்றாகப் பிரித்து எழுதியது இதற்குத்தான். "வங்காளிப் பக்கத்தை இப்போதைக்கு எடுத்துவிட்டால் 18,000 வரும் பாய், பிறகு சேர்க்கும்போது 4,000" என்று பதில் போடலாம். சரி என்றால் பழைய மெயிலிலேயே பேச்சைத் தொடர வேண்டாம். வங்காளி பற்றிய வரிகளைச் "சேராதது" பகுதிக்கு மாற்றி, கட்டணத்தை 8,000, 6,000, 4,000 என்று திருத்தி, புதுத் தேதியோடு முழு மெயிலையும் மறுபடி அனுப்புங்கள். "சம்மதம்" என்ற பதில் அந்தப் புது மெயிலுக்கு வர வேண்டும். போனில் சரி என்று சொன்னாலும், "பேசியபடி 18,000, வங்காளி இல்லாமல், மெயிலில் ஒரு வார்த்தை போட்டுவிடுங்கள் பாய்" என்று வாட்ஸ்அப்பில் நினைவுபடுத்திவிட்டு, பதில் வந்த பிறகே வேலையைத் தொடங்குங்கள்.