43 மணி நேரம் ஏன் 19 ஆகத் தெரிகிறது?

ஐந்து நாள் வேலை நேரத்தை எக்செலில் போட்டிருந்தேன்: 8:30, 9:15, 7:45, 8:30, 9:00. கீழே SUM கொடுத்தால் 19:00 என்று வருகிறது. முதல் மூன்று நாளே 25 மணி நேரத்தைத் தாண்டிவிட்டதே! விரல் விட்டு எண்ணினால் 43 வருகிறது. ஃபார்முலாவில் எல்லா செல்லும் இருந்தது, எதுவும் விடுபடவில்லை.

விஷயம் என்னவென்று பார்க்க, மொத்தம் இருந்த செல்லின் வடிவத்தை General என்று மாற்றினேன். 1.791667 என்று காட்டியது. அதில்தான் விடை இருந்தது. எக்செலுக்கு மணி என்று தனியாக எதுவும் கிடையாது. ஒரு முழு நாள்தான் 1. பன்னிரண்டு மணி நேரம் என்றால் 0.5. ஆக 1.791667 என்பது ஒரு நாளும் 19 மணி நேரமும். கூட்டல் சரிதான். h:mm என்ற வடிவம் சுவர்க்கடிகாரம் மாதிரி: எத்தனை நாள் ஓடியது என்பதை விட்டுவிட்டு, இப்போது மணி என்ன என்று மட்டும் சொல்லும்.

சரிசெய்ய அந்த செல்லில் நின்று Ctrl+1 அழுத்தி, Custom போய், Type பெட்டியில் இதைத் தட்டினேன்:

```
[h]:mm
```

43:00 வந்துவிட்டது. சதுர அடைப்புக்குறிதான் நாட்களையும் மணியாக மாற்றிச் சேர்த்துக் காட்டச் சொல்கிறது. மொத்த நிமிடம் வேண்டுமென்றால் [m] போடலாம், 2580 வரும். கூகுள் ஷீட்ஸில் Format, Number, Duration என்று போனாலே போதும்.

அப்புறம் கூலிக் கணக்கு. மணிக்கு 100 என்று வைத்துப் பெருக்கினால் 4300 வர வேண்டும், வந்ததோ 179.17. திரையில் 43:00 என்று தெரிந்தாலும் உள்ளே இருப்பது அதே 1.79 தானே. வடிவம் காட்சியை மட்டும் மாற்றும், மதிப்பைத் தொடாது. எனவே நாள் கணக்கை மணியாக்க 24 ஆல் பெருக்க வேண்டும் (மொத்தம் B7 இல், விகிதம் C7 இல்):

```
=B7*24*C7
```

இந்த விடை செல்லுக்கு Number வடிவம் கொடுங்கள். நேர வடிவத்தில் இருந்தால் மறுபடியும் ஏதோ ஒரு மணியைக் காட்டும்.

மொத்தத்தை ஒரு வாக்கியத்தோடு ஒட்டும்போதும் இதே தொல்லை உண்டு, ஏனென்றால் TEXT ஃபார்முலா செல்லின் வடிவத்தைப் பார்ப்பதில்லை. அதற்குள்ளும் அடைப்புக்குறி வேண்டும்:

```
="மொத்தம் "&TEXT(B7,"[h]:mm")
```

மொத்தம் 0:00 என்றே வந்தால் அது வேறு கோளாறு. வேறு எங்கிருந்தோ ஒட்டிய நேரங்கள் எழுத்தாகப் பதிவாகியிருக்கும், SUM அவற்றைக் கண்டுகொள்ளாது. நீங்கள் சீரமைப்பை மாற்றாதவரை எழுத்து செல்லின் இடப்பக்கம் ஒட்டி நிற்கும், உண்மையான நேரம் வலப்பக்கம் நிற்கும்.