விடுபட்டது அல்ல, விட்டுவிட்டேன்

பெங்களூரு பீன்யாவில் இயந்திர உதிரிபாகம் செய்யும் ஒரு சின்ன நிறுவனத்தில் கணக்குப் பிரிவைப் பார்த்துக்கொள்கிறேன். எங்கள் வாடிக்கையாளர்களில் ஒருவர் ஓசூரில் இருக்கிறார். ஒரு அக்டோபர் 15 அன்று அவர்கள் அக்கவுண்ட்ஸ் அலுவலர் போன் செய்தார். “மேடம், செப்டம்பர் 30 தேதியிட்ட உங்க பில் 2பி-யில வரலையே?” என்று கேட்டார். 2பி என்பது, விற்பவர்கள் காட்டும் பில்களை வைத்து வாங்குபவருக்கு ஜிஎஸ்டி போர்ட்டல் மாதாமாதம் தரும் பட்டியல்.

பார்த்தேன். 11-ஆம் தேதிக்குள் போட வேண்டிய விற்பனைக் கணக்கான ஜிஎஸ்டிஆர்-1-ல் அந்த பில்லை நான் சேர்க்கவே இல்லை. பில் 6,40,000 ரூபாய், அதற்கு வரி 1,15,200. நாங்கள் காட்டினால்தான் அது 14-ஆம் தேதி அவர்களுடைய 2பி-யில் வரும். வராததால் அந்த மாதம் அந்த வரியை வரவாக எடுத்து, தாங்கள் கட்ட வேண்டிய வரியில் கழித்துக்கொள்ள அவர்களால் முடியாது. 20-ஆம் தேதிக்குள் அவ்வளவு பணத்தையும் கையிலிருந்து கட்ட வேண்டும்.

உடனே மெயில் எழுத உட்கார்ந்தேன். மெயில் ஆங்கிலத்தில்தான், ஆனால் நான் எதையும் முதலில் தமிழில்தான் யோசிப்பேன். முதல் வரைவு இப்படி வந்தது: “மாத இறுதியில் வேலைப்பளு அதிகமாக இருந்ததாலும், போர்ட்டல் மெதுவாக இருந்ததாலும் ஒரு பில் விடுபட்டுவிட்டது. இதனால் உங்களுக்குச் சிரமம் ஏற்பட்டிருந்தால் வருந்துகிறோம்.”

படித்துப் பார்த்தபோது எனக்கே கோபம் வந்தது. பில் தானாக விடுபடுமா? நான்தான் விட்டுவிட்டேன். “உடைந்துவிட்டது”, “தவறிவிட்டது”, “நேர்ந்துவிட்டது” என்று செய்தவரை மறைத்துக்கொள்ள நம் மொழியில் எத்தனையோ வினைகள் கைக்கு வரும். “ஏற்பட்டிருந்தால்” அதைவிட மோசம். 1,15,200 ரூபாய் போகிறது என்று அவர் போனிலேயே சொல்லியாயிற்று; அதில் என்ன “இருந்தால்”? போர்ட்டல் மெதுவாக இருந்தது உண்மைதான், ஆனால் இந்த பில் போகாததற்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை.

அடித்துவிட்டு எழுதிய இரண்டாவது வரைவு எதிர்ப்பக்கம் சாய்ந்தது. மூன்று இடத்தில் மன்னிப்பு, “வெட்கமாக இருக்கிறது” ஒன்று, “இனி ஒருபோதும் நடக்காது” ஒன்று. அதைப் படிப்பவர் முதலில் எனக்கு ஆறுதல் சொல்ல வேண்டியிருக்கும். அவருக்கு வேண்டியதோ இரண்டே தகவல்கள்: வரவு எப்போது வரும், அதுவரை அவர் கைப்பணத்துக்கு என்ன வழி. பத்து வரியில் அந்த இரண்டும் இல்லை. “ஒருபோதும்” என்பதும் நான் காப்பாற்ற முடியாத வாக்கு.

அப்புறம் மெயிலை மூடிவிட்டு, முதலில் வேலையைப் பார்த்தேன். மாத வரியைக் கட்டும் எங்கள் 3பி படிவத்தை இன்னும் போடவில்லை என்பதால், ஜிஎஸ்டிஆர்-1-ஐத் திருத்தும் 1ஏ படிவத்தில் அந்த பில்லைச் சேர்க்க வழி இருந்தது. அப்படிச் சேர்த்தாலும் அவர்களுக்கு அடுத்த மாத 2பி-யில்தான் வரும். முதலாளியிடம் போய், அது வரும்வரை வரித்தொகையை அவர்கள் நிறுத்தி வைத்துக்கொள்ளட்டும் என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, “சரிம்மா, எழுதிடு” என்றார். அவர் சம்மதிக்கும் முன்பே எழுதியிருந்தால் அந்த வாக்குக்கு மதிப்பில்லை.

மூன்றாவது வரைவு இது:

“செப்டம்பர் 30 தேதியிட்ட உங்கள் பில்லை எங்கள் ஜிஎஸ்டிஆர்-1-ல் சேர்க்காமல் விட்டுவிட்டேன். அதனால் இந்த மாதம் உங்களுக்கு 1,15,200 ரூபாய் வரவு கிடைக்காது. தவறு என்னுடையது, மன்னிக்கவும். இன்று அதை 1ஏ-வில் சேர்த்துவிட்டோம். வரியை 20-க்குள் கட்டிவிடுவோம். நவம்பர் 14 அன்று உங்கள் 2பி-யில் தெரிய வேண்டும். அதுவரை எங்கள் பில்லில் வரித்தொகையை நிறுத்தி வைத்துக்கொள்ளுங்கள். 30-ஆம் தேதி மதியமே விற்பனைப் பட்டியலை எடுத்துவிட்டேன். உங்கள் பில் அன்று மாலை போட்டது. இனி ஜிஎஸ்டிஆர்-1 போடும் முன் கடைசி பில் எண்ணையும் மொத்தத் தொகையையும் பட்டியலோடு ஒப்பிடுவோம்.”

காரணத்தை எழுதலாமா வேண்டாமா என்றுதான் அதிக நேரம் தயங்கினேன். எழுதாவிட்டால், கடைசி வரியில் சொன்ன திருத்தம் எதற்கு என்று அவருக்குப் புரியாது. முதலிலேயே எழுதினால் சாக்காகிவிடும். அதனால் ஒப்புதலுக்கும் பரிகாரத்துக்கும் பிறகு, அந்தத் திருத்தத்தை விளக்கத் தேவையான அளவு மட்டும் வைத்தேன். முதலாளி எல்லாவற்றையும் “நாங்கள்” என்று மாற்றச் சொன்னார். பணம், வரி சம்பந்தமான வரிகளில் “நாங்கள்” சரிதான், அது நிறுவனம் தரும் வாக்கு. விட்டது நான். அந்த ஒரு வரியை மட்டும் மாற்ற வேண்டாம் என்று கேட்டேன், ஒப்புக்கொண்டார்.

மாலையில் பதில் வந்தது: “வரித்தொகையை நிறுத்தி வைக்கிறோம். 2பி-யில் வந்ததும் சொல்கிறேன்.” நவம்பர் 14 காலை அந்த பில் தெரியும் பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பினார். மதியத்துக்குள் 1,15,200 ரூபாயும் எங்கள் கணக்கில் வந்துவிட்டது.