மூன்று நாள் மூட்டத்துக்கு நான்கு இரவு: சோலார் தெருவிளக்கு, இரண்டாம் சுற்று

முதல் சுற்றில் போட்ட விளக்கு மூன்றாம் நாள் மூட்டத்தில், இருட்டி இரண்டேகால் மணி நேரத்தில் அணைந்தது. அதைக்கூட மன்னிக்கலாம். பிறகு ஒரு வாரம் பளிச்சென்று வெயில் அடித்தது, விளக்கும் விடிய விடிய எரிந்தது. அடுத்து ஒரே ஒரு நாள் மேகம் போட்டது, அன்று இரவு நான்கு மணி நேரம்கூடத் தாங்கவில்லை. பேட்டரி போய்விட்டது என்றுதான் யாருக்கும் தோன்றும். ஆனால் கழற்றிச் சோதித்தால் பேட்டரி நன்றாகத்தான் இருக்கிறது. கோளாறு பேனல் கணக்கில்.

விளக்கு 12 வாட் எல்இடி. டிரைவர் இழப்பையும் சேர்த்து பேட்டரி முனையில் அளந்தால் 13.5 வாட். இருட்டியதும் ஐந்து மணி நேரம் முழு வெளிச்சம், மீதி ஏழரை மணி நேரம் மங்கல். மங்கலில் 6 வாட் இழுக்கிறது. மங்கலை 40 சதவீதம் என்று வைத்தால் 5.4 வாட்தானே வரவேண்டும் என்று கேட்கலாம். குறைந்த சுமையில் டிரைவரின் திறன் இறங்கிவிடும், அதனால் பெருக்கிப் பார்ப்பதைவிட மீட்டரை வைத்துப் பார்ப்பதே சரி. கன்ட்ரோலர் தனக்கென்று நாள் முழுக்கக் குடிக்கும் 3 வாட் அவரையும் கூட்டினால், ஓர் இரவுக்கு 116 வாட் அவர்.

முதல் சுற்றில் இருந்தது 40 வாட் பேனல், சாதாரண பிடபிள்யூஎம் கன்ட்ரோலர், 12.8 வோல்ட் 30 ஆம்பியர் அவர் லித்தியம் அயன் பாஸ்பேட் பேட்டரி. 40 வாட்டை நாலரை மணி நேர உச்ச வெயிலால் பெருக்கினால் 180 வாட் அவர். தேவை 116தான், தாராளம் என்று படுகிறது. இங்கேதான் சறுக்கல். இந்தப் பேனல் தன் 40 வாட்டைத் தருவது 18 வோல்ட்டில், அப்போது ஓடும் மின்னோட்டம் 2.2 ஆம்பியர். பிடபிள்யூஎம் பேனலை நேரே பேட்டரியோடு கோத்துவிடுவதால் வோல்ட் 13.4க்கு இழுபட்டுவிடும். ஆம்பியர் ஏறுவதில்லை. ஆக 40 வாட் பேனல் கொடுப்பது 30 வாட். தூசிக்கு ஒரு பத்து சதவீதம் தள்ளினால், நல்ல வெயில் நாளின் மொத்த வரவு 120 வாட் அவர்.

வரவு 120, செலவு 116. மிச்சம் நான்கு. வெயில் நாளில் விளக்கு விடியும்வரை எரிந்ததற்குக் காரணம் பேட்டரி நிறைந்திருந்தது அல்ல, அன்றன்று வந்ததை அன்றன்றே தின்றுகொண்டிருந்ததுதான். மூட்டத்தில் ஏற்பட்ட பள்ளத்தை நாளுக்கு 4 வாட் அவர் போட்டு நிரப்ப மாதக்கணக்கில் ஆகும். லெட் ஆசிட் பேட்டரியாக இருந்தால் இப்படி அரைவயிற்றுடன் கிடந்தே தட்டுகளில் சல்பேட் படிந்து செத்திருக்கும்.

இதை வோல்ட் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. இந்த வகை செல் பாதி நிறைந்திருந்தாலும் முக்கால் நிறைந்திருந்தாலும் ஓய்வில் 13.2, 13.3 என்றே காட்டும். கன்ட்ரோலரில் இருக்கும் நான்கு கட்டை பேட்டரிப் படம் வெறும் அலங்காரம். பார்க்க வேண்டியது அன்றைய அதிகபட்ச வோல்ட். பகலில் ஒரு தடவையாவது 14.2ஐத் தொட்டிருந்தால் பேட்டரி நிறைந்தது. அந்த ஒரு வாரம் முழுக்க 13.5ஐத் தாண்டவே இல்லை.

அடுத்த தப்பு பேட்டரிக் கணக்கில். மூன்று நாள் தாங்க வேண்டும் என்றதும் எல்லோரும் 116ஐ மூன்றால் பெருக்குகிறார்கள். ஆனால் பேட்டரி கடைசியாக நிறைந்தது மூட்டத்துக்கு முந்தைய நாள் மாலையில். அந்த இரவின் செலவும் இதே கணக்கில்தான் விழும். நடுவில் மூன்று மூட்டப் பகல், சுற்றிலும் நான்கு இரவு. பேட்டரி அடிமட்டத்தைத் தொடுவது நான்காம் இரவு விடியும் நேரத்தில். அந்த விடியலுக்குத்தான் கணக்குப் போட வேண்டும்.

இரண்டாம் சுற்றில் 60 வாட் பேனல், பேனலை அதன் உச்சத் திறன் வரும் வோல்ட்டிலேயே ஓடவிடும் எம்பிபிடி கன்ட்ரோலர். வெப்பம், தூசி, மாற்ற இழப்பு எல்லாம் போக 43.8 வாட் கைக்கு வரும் என்று வைத்தால் வெயில் நாளில் 197 வாட் அவர். மூட்ட நாளில் அதில் ஐந்தில் ஒரு பங்கு, 39. நான்கு இரவுச் செலவு 464, மூன்று மூட்டப் பகலின் வரவு 117, பள்ளம் 347. பேட்டரியில் 80 சதவீதத்தைத்தான் தொடுவது என்று வைத்துக்கொண்டால் 434 வாட் அவர் வேண்டும், அதாவது 34 ஆம்பியர் அவர். 40 ஆம்பியர் அவர் செல்களாகப் போட்டாயிற்று. எடுக்கக்கூடியது 410. மூட்டம் இன்னும் கனத்து வரவு பத்தில் ஒரு பங்காகச் சுருங்கினாலும் பள்ளம் 405தான். மயிரிழையில் தப்பும்.

மீட்சியைத் தனியாகச் சரிபார்க்க வேண்டும். 347 பள்ளத்தில் முதல் வெயில் பகல் 197 போடும், இரவு 116 எடுக்கும், விடியும்போது பள்ளம் 266. மறுநாள் விடியலில் 185. மூன்றாம் வெயில் நாள் மாலைக்குள் நிறைந்துவிடும். எத்தனை நாளில் நிறைய வேண்டும் என்று முதலில் முடிவு செய்துவிட்டு அதிலிருந்து பேனலுக்கு வருவதே சரியான வழி. பேட்டரியை மட்டும் இரட்டிப்பாக்கினால் பள்ளம்தான் ஆழமாகும். உச்ச வெயில் மணி நேரத்தை ஆண்டு சராசரியிலிருந்து எடுப்பதும் இதே வகைத் தப்பு, மிக மோசமான மாதத்தின் எண்ணைத்தான் எடுக்க வேண்டும். சூரிய மின்சாரக் கணக்குக்கான PVGIS தளத்தில் பேட்டரியோடு தனித்து இயங்கும் அமைப்புக்கென்றே ஒரு கணக்கி இருக்கிறது, எத்தனை சதவீத நாட்களில் பேட்டரி காலியாகும் என்று மாதவாரியாகச் சொல்லிவிடும்.

வாங்கும் இடத்தில் ஒரு வார்த்தை. பேனல் ஒட்டுச்சீட்டை நம்பாமல் டேப்பை வைத்து அளக்கவும். நல்ல பேனல் சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 200 வாட் தரும், ஆக 60 வாட்டுக்கு 0.3 சதுர மீட்டராவது வேண்டும். 40க்கு 50 சென்டிமீட்டர் பலகையில் 60 என்று எழுதியிருந்தால் அது 40தான். செல்லையும் அப்படியே முழுக்க ஏற்றி, 4 ஆம்பியரில் இறக்கிப் பார்த்த பிறகே கம்பத்தில் ஏற்ற வேண்டும். பத்து மணி நேரம் ஓடினால் நாற்பது. ஏழரை மணி நேரத்தில் படுத்தால் அது முப்பது.

பெட்டியில் கேபிள் கிளாண்டு இன்னும் இறுக்கவில்லை, அதற்குள் அடுத்த வேலை மனதில் ஓடுகிறது. பகலில் 14.2ஐத் தொடாத நாளில் முழு வெளிச்சமே வேண்டாம், இரவு முழுக்க 6 வாட்டிலேயே எரியட்டும் என்று கன்ட்ரோலரிடம் சொல்லிவிட்டால் இரவுச் செலவு 78 ஆகிவிடும். பகல் வரவு 39 போக மூட்ட நாளுக்கு 39தான் பேட்டரியில் குறையும். இதே பேட்டரி மூன்று நாளுக்குப் பதில் ஏழு மூட்ட நாள் ஓடும். கையில் இருக்கும் கன்ட்ரோலரில் அந்த வசதி இல்லை. அதன் மங்கல் முனையை ஒரு சின்ன மைக்ரோகன்ட்ரோலரை வைத்து இழுக்க முடியுமா என்பதுதான் அடுத்த சோதனை.